பெறுபேறு விழும் முன்பே பணிச்சோர்வைக் கண்டுபிடிப்பது எப்படி: ஓர் ஆசிரியரின் முழுமையான வழிகாட்டி

இரண்டாம் தவணையின் நடுவில் ஒரு புதன்கிழமை இரவு. பன்னிரண்டாம் தரப் பிள்ளைகளின் இரசாயனவியல் கொப்பிகள் 38 என் மேசையில் இருந்தன. மூல் கணக்கு ஒன்று, புதிதாக எதுவும் இல்லை. ஒரு பிள்ளையின் விடையை வாசித்து முடித்துப் புள்ளி போடப் பேனையை எடுத்தேன். என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. திரும்ப வாசித்தேன். அப்போதும் அதே கதை. மூன்றாவது தடவை வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தபோதுதான் அந்தப் பிள்ளை சரியாகச் செய்திருப்பது விளங்கியது.

அந்த மாதம் என் வகுப்பின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் முன்னைய ஆண்டை விட நன்றாக இருந்தன. அதிபர் கூட்டத்தில் பாராட்டினார். வீட்டில் அம்மா மட்டும், "என்ன மகள், ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. நான் கச்சான் காற்றின் மீது பழி போட்டேன். ஆரையம்பதியில் கச்சான் அடிக்கும் மாதங்களில் இரவிலும் சுவர் சுடும், யாருக்கும் சரியான தூக்கம் வராது. ஆகவே அது நம்பக்கூடிய காரணமாகத்தான் இருந்தது.

அந்தத் தவணையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் ஆசிரியர் தொழிலில் இருந்து வருகின்றன, எனக்குத் தெரிந்தது அதுதான். தாதியாகவோ வங்கியிலோ வேலை செய்பவர்கள் கொப்பி என்று நான் சொல்லும் இடத்தில் தங்கள் வேலையில் அன்றாடம் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

படி 1: பெறுபேற்றைப் பார்க்காதீர்கள், அதன் விலையைப் பாருங்கள்

பணிச்சோர்வு என்றால் வேலை கெட்டுப்போகும் என்றே பலர் நினைக்கிறார்கள். வேலை கெடவில்லை என்றால் தனக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் வேலை கெடுவது கடைசிக் கட்டம். அதற்கு முன் நீண்ட காலம் வேலை நன்றாகவே நடக்கும், அதை நடத்துவதற்கு நாம் கொடுக்கும் விலைதான் ஏறிக்கொண்டு போகும்.

ரொபர்ட் ஹொக்கி என்ற உளவியலாளர் 1997இல் இதைத் தெளிவாக விளக்கினார். அழுத்தம் கூடும்போது மனிதர் முதன்மையான வேலையைக் கைவிடமாட்டார். கூடுதல் முயற்சி போட்டு அதைக் காப்பாற்றுவார். பாதிப்பு வேறு இடங்களில் தெரியும். துணை வேலைகள் விடுபடும், சுருக்கு வழிகள் நுழையும், வேலை முடிந்த பின்னும் களைப்பு நீங்காது. அதாவது பரீட்சைப் புள்ளி கடைசியாகத்தான் விழும். அது விழும்போது, அதைத் தாங்கிப் பிடித்த முயற்சியும் தீர்ந்துபோயிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அது பணிச்சோர்வை ஒரு நோயாகச் சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறது. மூன்று அடையாளங்களையும் தருகிறது: சக்தி வற்றிய உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன் மீது கசப்பு, திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு. எனக்கு இரண்டாவதுதான் முதலில் வந்தது. கடைசி வாங்கில் இருக்கும் ஐந்து பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு, "பின் வாங்குக் கூட்டம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அதை எனக்குச் சுட்டிக்காட்டியது பக்கத்து வகுப்பு ஆசிரியை. எனக்கே அது கேட்டிருக்கவில்லை.

படி 2: சிவப்பு மையை வாசியுங்கள்

"எவ்வளவு களைப்பாக இருக்கிறது?" என்று நம்மை நாமே கேட்டால் சரியான பதில் வராது. களைத்த மூளைக்கு நாலு மாதத்துக்கு முன் எப்படி இருந்தோம் என்று நினைவிருக்காது. எழுதி வைக்கப்பட்ட சாட்சி ஒன்று தேவை. ஆசிரியருக்கு அந்தச் சாட்சி பிள்ளையின் கொப்பியிலேயே இருக்கிறது.

ஒழுங்காகக் கொப்பி எழுதும் ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கி, ஆண்டின் தொடக்கத்திலிருந்து புரட்டுங்கள். இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, பிள்ளை வேலை செய்த திகதிக்கும் நீங்கள் சிவப்பு மையில் ஒப்பமிட்ட திகதிக்கும் இடையில் எத்தனை நாள்? என் கொப்பிகளில் முதலாம் தவணையில் அது இரண்டு நாள். இரண்டாம் தவணையின் நடுவில் ஒன்பது நாள். இரண்டாவது, நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? தவணைத் தொடக்கத்தில், "அலகு எங்கே? சமன்பாட்டைச் சமப்படுத்திவிட்டுக் கணக்குக்குப் போ" என்று எழுதியிருக்கிறேன். பிறகு "கவனம்" என்ற ஒரு சொல். அதற்குப் பிறகு சரி அடையாளமும் ஒப்பமும் மட்டும். ஒரே பிழையை ஒரு பிள்ளை நாலு தடவை செய்திருந்தும் நாலு தடவையும் நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சின்னக் கொப்பி எடுத்து இரண்டு வாரம் மூன்றே மூன்று விடயங்களைக் குறியுங்கள். இதற்கு மேல் குறிக்கப் போனால் அதுவே இன்னொரு வேலையாகிவிடும்.

ஒன்று, பத்துக் கொப்பி திருத்த எத்தனை நிமிடம் எடுக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அளந்தால் போதும், ஒரே மாதிரியான பயிற்சியாக இருக்க வேண்டும். நான் சாதாரணமாகப் பத்துக் கொப்பியை 20 நிமிடத்தில் முடிப்பவள். அந்த வாரங்களில் 35 நிமிடம். 38 கொப்பிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதுமாக இருந்தது, அது இரண்டேகால் மணித்தியாலமாகிவிட்டது. விடை திருத்தும் தரம் மாறவில்லை, மறுபடி மறுபடி வாசித்ததால் நேரம்தான் போனது. ஹொக்கி சொன்ன விலை ஏற்றத்தை எண்ணாகவே பார்க்க முடிந்தது.

இரண்டு, யாருக்கும் தெரியாமல் விட்டுவிட்டவை எவை. செய்ய நினைத்து, செய்யாமல் விட்டு, ஒருவரும் கேள்வி கேட்காதவை. எனது பட்டியலில் முதலில் வந்தது நியமிப்புப் பரிசோதனை. பியூரெட்டைக் கழுவி, கரைசல் தயாரித்து, பிள்ளைகளை நாலு குழுவாக்கிச் செய்விக்க வேண்டியதை விட்டுவிட்டு, வாசிப்புகளைக் கரும்பலகையில் எழுதி, "இதை வைத்துக் கணியுங்கள்" என்றேன். பரீட்சைக்குக் கணக்குத்தானே வரும், புள்ளியில் வித்தியாசம் தெரியாது. அந்த அத்தியாயத்துக்குப் போன ஆண்டுக் குறிப்பைத் திகதி மாற்றி அப்படியே பாவித்தேன். வைகாசியில் ஊரில் கண்ணகி அம்மன் சடங்குக்கும் போகவில்லை, சின்ன வயதிலிருந்து விட்டதே இல்லை. வேலைக்கு வெளியே விடுபட்டவற்றையும் இதில் சேருங்கள். பெரும்பாலும் முதலில் போவது அவைதான்.

மூன்று, திங்கட்கிழமைச் சோதனை. இரண்டு இரவு நன்றாகத் தூங்கி, ஒரு நாளாவது வேலை இல்லாமல் இருந்த ஒரு வார இறுதிக்குப் பின், திங்கட்கிழமை பத்துக் கொப்பி திருத்திப் பாருங்கள். நிமிடம் பழைய அளவுக்குத் திரும்பினால் உங்களுக்கு இருப்பது சாதாரணக் களைப்பு, ஓய்வு கிடைத்தால் தீரும். திரும்பாவிட்டால், அதாவது ஓய்வு எடுத்தும் கணக்கு மாறாவிட்டால், கவனிக்க வேண்டிய கட்டம் தொடங்கிவிட்டது. ஒரு திங்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டு மூன்று பாருங்கள். எனக்கு முதல் திங்கள் 33 நிமிடம், அடுத்தது 34.

இது நானாக அமைத்துக்கொண்ட அளவுகோல், மருத்துவச் சோதனை அல்ல. அதைக் கொண்டு உங்களை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது. உங்களை உங்களோடு ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

கச்சான் காற்றையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். வெக்கையால் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் பொது. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன், அவவுக்கும் தூக்கம் குறைவுதான். ஆனால் கொப்பி திருத்தும் நேரம் கூடவில்லை, மாலையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தா. அப்போது என் சாக்கு நிற்கவில்லை.

படி 3: உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, சீனி வருத்தம் எல்லாம் இதே முகத்தோடுதான் வரும். களைப்பு, மறதி, எரிச்சல். குறிப்பாகப் பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு மிகவும் பொதுவானது. வருத்தம் உடம்பில் இருக்கும்போது வேலையை எவ்வளவு குறைத்தாலும் களைப்புத் தீராது.

வைத்தியரிடம் போய், "மூன்று மாதமாகக் களைப்பு, தூங்கி எழும்பினாலும் போகவில்லை" என்று கால அளவோடு சொல்லுங்கள். முழு இரத்தப் பரிசோதனை, தைரொயிட்டுக்கான டிஎஸ்எச், வெறுவயிற்றுச் சீனி, பிரஷர் ஆகியவை தேவையா என்று கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் காசு இல்லை. நித்திரையில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருப்பதாக வீட்டார் சொன்னால் அதையும் சொல்லுங்கள். எனக்கு இரத்தத்தில் இரும்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. குளிசை தந்தார்கள். உதவியது, ஆனால் அது மட்டும் காரணம் அல்ல என்று பின்னால் தெரிந்தது.

இன்னொரு பிரிப்பும் அவசியம். தமிழில் பணிச்சோர்வு, மனச்சோர்வு என்று இரண்டு சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பதால் குழம்பிவிடுகிறோம். மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. நான் பாவிக்கும் கேள்வி இது: வேலைக்கு வெளியே மகிழ்ச்சி மிச்சம் இருக்கிறதா? தங்கச்சியின் குழந்தையைத் தூக்கும்போது எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது, பாடசாலைக் கேற்றைக் கண்டால்தான் நெஞ்சு கனத்தது. அது வேலையோடு கட்டுப்பட்ட சோர்வு. பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், இரண்டு வாரத்துக்கு மேலாகக் கிட்டத்தட்ட நாள் முழுதும் மனம் இருண்டே இருந்தால், அல்லது பசியும் தூக்கமும் நன்றாக மாறிவிட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வழிகாட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ பக்கத்து வைத்தியரிடமோ போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பணிச்சோர்வும் மனச்சோர்வும் ஒன்றாகவும் வரும், அதனால் இந்தக் கேள்வி ஒரு முதல் வடிகட்டிதான்.

படி 4: வாரத்தின் கணக்கை எழுதி, ஓட்டையைத் தேடுங்கள்

ஒரு தாளில் உங்கள் வாரத்தை மணித்தியாலமாகப் பிரியுங்கள். என்னுடையது இப்படி இருந்தது. பாடசாலை 30 மணித்தியாலம். ரியூசன் 20: கிழமை நாட்களில் நாலு மாலை, சனி கல்லடியில், ஞாயிறு களுவாஞ்சிகுடியில், எல்லாம் வேறு பாடசாலைப் பிள்ளைகள். கொப்பியும் வினாத்தாளும் திருத்துவது 9. ஸ்கூட்டியில் ஓடுவது 7. படிவங்கள், கூட்டங்கள், விளையாட்டுப் போட்டி ஒழுங்குகள் 5. மொத்தம் 71. வீட்டு வேலை இதில் இல்லை.

எண்ணைக் கண்டதும் பெரியதை வெட்டத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில், அதை முடித்துவிட்டு வரும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எனக்குப் பாடசாலை 30 மணித்தியாலம் என்றாலும் பாடம் நடத்தும் நேரம் என்னை வற்றச் செய்யவில்லை. கல்லடி வகுப்பு முடிந்து வரும்போது நன்றாகவே இருந்தேன். வற்றச் செய்தவை இரண்டு, இரண்டுமே அந்தத் தாளில் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்று, ஞாயிறு. வகுப்பு மூன்று மணித்தியாலம்தான், ஆனால் போக வர ஏறக்குறைய 45 கிலோமீற்றர், அதோடு பெரும்பாலான வாரங்களில் வேலை இல்லாத ஒரு நாளையும் அது தின்றுவிட்டது. மற்றது தாளிலேயே இல்லாத ஒன்று: பெற்றோரின் வட்ஸ்அப் குழு. இரவு பத்து மணிக்கு, "டீச்சர், நாளைக்கு என்ன கொப்பி?" என்று வரும். பதில் எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் என்னைத் திரும்ப வகுப்பறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், அதற்குப் பின் ஒரு மணித்தியாலம் தூக்கம் வராது.

ஜேர்மன் ஆய்வாளர் சபீன சொனென்டாக் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறார். வேலை முடிந்த பின் மனமும் வேலையை விட்டு வெளியேறினால்தான் மீட்சி நடக்கும், உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்தால் போதாது என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். என் நாளுக்கு முடிவே இருக்கவில்லை. 71 மணித்தியாலத்தை விட அதுதான் பெரிய ஓட்டை.

சுமை மட்டும் காரணமாக இருக்கவேண்டியதில்லை. பணிச்சோர்வு ஆய்வில் முன்னோடியான கிறிஸ்டினா மஸ்லாக்கும் மைக்கல் லைட்டரும் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைச் சுமை, நமக்கு இருக்கும் கட்டுப்பாடு, கிடைக்கும் மதிப்பும் கூலியும், சக ஊழியர் உறவு, நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள். நேரம் குறைவாக இருந்தும் நீங்கள் வற்றிப்போனால் மற்ற ஐந்திலும் தேடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாதி வேலை நேரம் குறைந்த பிறகும் தேறவில்லை. இரவுக் கடமை எப்போதும் ஒரே ஆட்களின் தலையில் விழுகிறது என்ற மனக்குறைதான் அவவைத் தின்றுகொண்டிருந்தது. அப்படியானவர் லீவு கேட்பதில் பயனில்லை, கடமைப் பட்டியல் போடும் முறையைப் பற்றித்தான் பேசவேண்டும்.

படி 5: முதலில் வெட்டு, பிறகு ஓய்வு

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "லீவு வரட்டும், படுத்து எழும்பினால் சரியாகிவிடும்." ஜேர்மனியில் ஆசிரியர்களை வைத்தே செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. விடுமுறைக்குப் பின் சோர்வு குறைந்தது உண்மை. ஆனால் அந்த நன்மை ஒரு மாதத்துக்குள் கரைந்துவிட்டது. வேலை மாறாமல் இருந்தால், ஓய்வெடுத்துச் சேர்த்த பலம் அதே ஓட்டையால் ஒழுகிவிடும். அதோடு நம் ஊரில் விடுமுறை என்றால் செமினார் காலம். ஆகவே ஓட்டையை அடைத்துவிட்டு ஓய்வெடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒரு பெரியது, ஒரு சிறியது போதும்.

பெரியதில் காசுக் கணக்கு வரும், அதைப் பயந்து தள்ளிப்போடாமல் எழுதிப் பார்க்கவேண்டும். களுவாஞ்சிகுடி வகுப்பில் 17 பிள்ளைகள், மாதம் ஆளுக்கு 1,500 ரூபா, ஆக 25,500. அதை இழக்க முடியாது என்றுதான் இரண்டு வருடம் ஓடினேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. பிள்ளைகளிடம் கேட்டதில் 9 பேர் சனிக்கிழமை பஸ்ஸில் கல்லடிக்கு வரத் தயார் என்றார்கள். இழப்பது 8 பேர், 12,000 ரூபா. அதில் மண்டப வாடகை 4,000 மிச்சம், பெற்றோல் நாலரை லீற்றரும் மிச்சம், அது 1,500 என்று வைத்தால் உண்மையான இழப்பு மாதம் 6,500 ரூபா. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை 1,600 சொச்சம். ஸ்கூட்டிக் கடனுக்கு அது முக்கியமான காசுதான், ஆனால் தாங்கக்கூடிய காசு. பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்துவதாக ஒரு மாதம் முன்கூட்டியே பெற்றோரிடம் சொன்னேன். வர முடியாத எட்டுப் பேருக்கும் அந்தப் பக்கத்தில் படிப்பிக்கும் இன்னொருவரைக் காட்டிவிட்டேன். பிள்ளைகளைத் தெருவில் விட்ட குற்ற உணர்வு இருந்தால் கிடைத்த ஞாயிறு ஓய்வாக இருக்காது.

எல்லோருக்கும் வெட்டுவதற்கு ஒரு ஞாயிறு இருக்காது, இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு 6,500 ரூபாயும் முடியாத காசாக இருக்கலாம். அப்படியானால் காசு தராத வேலைகளில் தேடுங்கள்: படிவங்கள், குழுக்கள், எல்லாவற்றுக்கும் பொறுப்பாளராகப் பெயர் எழுதப்படுவது. அதற்கு அதிபரிடம் பேசவேண்டி வரும்.

பேசும்போது நிலைமையைப் புலம்பலாகச் சொன்னால், "எல்லோருக்கும் கஷ்டம்தானே டீச்சர்" என்ற பதில்தான் வரும். குறிப்பான ஒன்றை, மாற்று வழியோடு, கால எல்லையோடு கேளுங்கள். நான் கேட்டது இப்படி:

"சேர், பன்னிரண்டாம் தரத்துக்கு இந்தத் தவணை இரண்டு பரிசோதனை செய்விக்கவில்லை. அதைச் செய்து முடிக்க எனக்கு நேரம் வேணும். விளையாட்டுப் போட்டிக் கணக்குப் பொறுப்பை இந்த ஒரு தவணைக்கு வேறு ஆளிடம் கொடுக்கலாமா? எழுதின கணக்குகளை நான் ஒழுங்காகக் கையளிக்கிறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெறுபேறு நல்லாத்தானே இருக்கு டீச்சர்?" என்றார்.

"இப்ப நல்லா இருக்கு சேர். இப்படியே போனா அடுத்த வருஷம் இருக்காது."

பொறுப்பு மாறியது. எனக்கு எதிர்பாராத விடயம் என்னவென்றால், வேலை நன்றாக இருக்கும்போது கேட்பதுதான் சுலபம். விழுந்த பிறகு கேட்டால் அது சாக்காகத் தெரியும்.

சிறியது வட்ஸ்அப். குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "கேள்விகளுக்கு மாலை 6 முதல் 7 வரை பதில் தருகிறேன். வீட்டு வேலை விபரம் வகுப்புத் தலைவரிடம் இருக்கும்." ஏழு மணிக்குப் பின் குழுவின் சத்தத்தை நிறுத்தி, போனைக் குசினியில் வைத்தேன். முதல் வாரம் இரண்டு பெற்றோர் கோபித்தார்கள். இரண்டாம் வாரம் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

படி 6: ஆறு வாரம்

ஏன் ஆறு? ஒரு தவணைக்குள் அடங்கும், மாற்றம் தெரியவும் போதிய காலம். வேறு கணக்கு எதுவும் இல்லை.

முதல் இரண்டு வாரம் தூக்கம் மட்டும். எழும்பும் நேரத்தை ஒன்றாக வையுங்கள், ஞாயிறும் அதே நேரம். கொப்பி திருத்துவதற்கு இரவு எட்டரையோடு முற்றுப்புள்ளி. முடியாத கொப்பி மேசையில் கிடக்கட்டும். நான் கொப்பிக் கட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், கண்ணில் பட்டால் மனம் போகும். சுமை உண்மையில் குறையாமல் முற்றுப்புள்ளி மட்டும் வைத்தால் கொப்பி குவியும், ஆகவே திருத்தும் அளவையும் குறைத்தேன். எல்லாக் கணக்கையும் அல்லாமல், ஒரு பயிற்சியில் இரண்டு கணக்கை மட்டும் முழுமையாக, குறிப்போடு. மற்றவற்றைப் பிள்ளைகள் விடையைப் பார்த்துத் தாமே திருத்தினார்கள். வெறும் சரி அடையாளம் முப்பதை விட இரண்டு வரிக் குறிப்பு பிள்ளைக்குப் பெறுமதி.

மூன்றாம் நாலாம் வாரம், விடுபட்டவற்றில் வேலைக்கு வெளியே இருந்த ஒன்றைத் திரும்ப எடுங்கள். ஞாயிறு முழுவதும் படுத்துக் கிடந்தால் மாலையில் இன்னும் பாரமாக இருக்கும், இதைப் பலர் கவனித்திருப்பீர்கள். சும்மா கிடப்பதை விட, வேலையோடு தொடர்பில்லாத, கொஞ்சம் கையும் மனமும் ஈடுபடும் ஒன்று நன்றாக மீட்கிறது. நான் அம்மாவிடம் பாய் பின்னக் கற்றேன். முதல் பாய் ஒரு பக்கம் கோணல். அம்மா அதைப் பிரித்து, "திரும்பப் பின்னு" என்று தந்தா. அந்த இரண்டு மணித்தியாலம் மூல் கணக்கு ஒரு தடவை கூட நினைவுக்கு வரவில்லை.

ஐந்தாம் ஆறாம் வாரம், வேலைக்குள் விடுபட்ட ஒன்றைத் திரும்பச் செய்யுங்கள். ஒன்றே ஒன்று. எனக்கு அது நியமிப்பு. நாலு குழு, எட்டுப் பாடவேளையில் இரண்டு. பின் வாங்கில் இருந்த ஒரு பையன் நிறம் மாறும் துளியைச் சரியாகப் பிடித்தபோது, "டீச்சர், நிப்பாட்டவா?" என்று கத்தினான். அவனுடைய பெயரைச் சொல்லி, நிறுத்தச் சொன்னேன்.

அளவைக் கொப்பியில் தொடர்ந்து குறியுங்கள். எல்லாம் ஒன்றாகத் திரும்பாது. எனக்குத் தூக்கம் இரண்டாம் வாரமே திரும்பியது. எரிச்சல் நாலாம் வாரத்தில் குறைந்தது. பத்துக் கொப்பி நிமிடம்தான் பிடிவாதமாக இருந்தது: நாலாம் வாரம் 31, ஆறாம் வாரம் 26. இருபதுக்கு வர அடுத்த தவணையின் நடுப்பகுதி ஆனது. தூக்கம் வந்ததும் "தேறிவிட்டேன்" என்று வெட்டியதைத் திரும்ப எடுப்பதுதான் வழமையான தவறு. நானும் மூன்றாம் வாரம் ஒரு செமினாருக்கு ஒப்புக்கொண்டேன், அந்த வாரம் நிமிடம் 34க்குத் திரும்பிவிட்டது. கடைசியாகத் திரும்பும் எண் திரும்பும் வரை புதிதாக எதையும் ஏற்காதீர்கள்.

ஆறு வாரம் முடிந்தும் மூன்று குறிப்பில் ஒன்றும் அசையாவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். வெட்டிய இடம் தவறு, நாலாம் படிக்குத் திரும்பிப் போங்கள். அல்லது இது பணிச்சோர்வு மட்டும் அல்ல, மூன்றாம் படிக்குத் திரும்பி வைத்தியரிடம் கொப்பியையும் கொண்டு போங்கள். இத்தனை வாரக் குறிப்பு கையில் இருந்தால் அவருக்கும் விளங்கிக்கொள்வது சுலபம். பாடசாலைக் கேற்றில் நெஞ்சு படபடத்துத் திரும்பி வந்துவிடும் அளவுக்குப் போயிருந்தால், ஆறு வாரத் திட்டம் போதாது, வைத்திய லீவு பற்றிப் பேசவேண்டிய கட்டம் அது.

படி 7: அடுத்த சுற்றுக்கு முன் கலண்டரில் எழுதுங்கள்

சுமை ஏறும் வாரங்கள் நமக்கு முன்கூட்டியே தெரியும். தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம். அந்த வாரங்களில் நிமிடம் ஏறத்தான் செய்யும், அது பிழையில்லை. பிழை என்னவென்றால் அதற்குப் பின் வரும் இரண்டு வாரத்தை வெறுமையாக விடாதது. நான் இப்போது ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கும் பின் இரண்டு வாரத்தைப் பென்சிலால் வட்டமிடுகிறேன். அந்த வட்டத்துக்குள் செமினார் கேட்டால், "அந்தத் திகதி சரிவராது" என்று சொல்லிவிடுவேன்.

அதோடு எல்லைக் கோடு ஒன்று. என் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: பத்துக் கொப்பிக்கு 30 நிமிடம், இரண்டு திங்கள் தொடர்ந்து. அந்தக் கோட்டைத் தொட்டால் எதை முதலில் வெட்டுவது என்பதும் கீழே எழுதியிருக்கிறது, வியாழன் மாலை வகுப்பு. களைத்திருக்கும்போது அந்த முடிவை எடுக்க முடியாது என்பதால் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நான் பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல் கூட்டமாகச் சொன்னால் உடனே சொல்லிவிட வேண்டும். போன தவணை ஒரு தடவை சொன்னா. அன்று மாலை கொப்பியை எடுத்துப் பார்த்தேன், 28 நிமிடம்.

வியாழன் வகுப்புப் பிள்ளைகளிடம் அடுத்த இரண்டு வாரத்துக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.